காலைக் கூட்டத்தில் ஐந்து நிமிடம்

2021இல் கண்டியில் பொலிஸ் உத்தியோகத்தர்களுக்கான பயிற்சியொன்றில் ஓர் உளவளத்துணையாளர் பேசினார். ஒரே பாலினத்தவர்மேல் ஈர்ப்புக் கொண்டவர்களை இழிவாகக் காட்டி, அவர்களால் பிள்ளைகளுக்கு ஆபத்து என்ற அச்சத்தை எழுப்பிய பேச்சு அது. அந்தக் காணொளி வெளியே பரவியது. ஈக்குவல் கிரவுண்ட் அமைப்பும் வேறு சிலரும் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை மனுத் தாக்கல் செய்தார்கள். பால்நிலை அடையாளத்தையோ பாலீர்ப்பையோ காரணமாக வைத்து எவரையும் துன்புறுத்தக் கூடாது என்று பொலிஸ் நிலையங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்ப, அந்த வழக்கின் போக்கில் பொலிஸ் தலைமை இணங்கியது.

பாடசாலைக் காலைக் கூட்டத்தைப் பற்றி எழுதும்போது இந்தச் சம்பவத்தைத்தான் முதலில் எடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒரே அமைப்பு. மேலே ஒலிவாங்கியோடு ஒருவர். கீழே எழுந்து போக முடியாத, திருப்பிக் கேள்வி கேட்க முடியாத நூற்றுக்கணக்கானவர்கள். அங்கே சொல்லப்படுவது ஒருவருடைய கருத்தாக இறங்குவதில்லை, அந்த நிறுவனத்தின் நிலைப்பாடாகவே இறங்குகிறது. பொலிசில் அந்தப் பேச்சைக் கேட்டவர்கள் பெரியவர்கள். பாடசாலையில் கேட்பவர்களுக்குப் பதினொரு வயதும் இருக்கும், பதினெட்டும் இருக்கும். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று உள்ளுக்குள் உறைந்துபோகிற பிள்ளையும் அந்த வரிசையிலேயே நிற்கும். அப்படியானால், பால்நிலை வெளிப்பாடோ பாலீர்ப்போ எதுவானாலும் சக மாணவரை மதிக்க வேண்டும் என்று கண்டிப் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலையொன்றின் மேடையில் ஓர் ஆசிரியர் பேச எழுந்தால், அந்த ஐந்து நிமிடத்தில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லாமல் விட வேண்டும்?

அதே 2021 ஜூன் 7ஆம் திகதி சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஓர் ஆணை பிறப்பித்தார். பெற்றோரின் எதிர்ப்புக்குப் பயந்து பாதுகாப்புக் கேட்டு வந்த இரண்டு பெண்களின் வழக்கு அது. இந்த விடயத்தில் தனக்கு அறிவு போதாது, தன்னிடமும் முற்சாய்வு இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லி, தீர்ப்பு எழுதுமுன் ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து அவர் கற்றுக்கொண்டார். அந்த ஆணையில் பாடசாலைகளுக்கும் சில பணிப்புகள் இருந்தன: பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் மூலம் பெற்றோருக்கு விளக்கம், பால்நிலை பொருந்தாத மாணவருக்கு ஏற்ற கழிப்பறை, பதிவேடுகளில் பெயரையும் பாலினத்தையும் மாற்றும் வழி, ஆலோசகர் வசதி. முதலில் பெரியவர் படித்துக்கொள்ள வேண்டும், பிறகுதான் மேடை ஏற வேண்டும் என்ற ஒழுங்கை அந்த நீதிபதியிடம் பார்க்கிறோம். கண்டியில் நடந்தது அதற்கு நேர்மாறு.

இங்கே அதிபர்மாரிடம் இந்தப் பேச்சை எடுத்தால் முதலில் வருவது சட்டத்தைப் பற்றிய தயக்கம். "சட்டம் தடுத்த ஒன்றைப் பற்றி மேடையில் பேசலாமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, ஆனால் பதில் இருக்கிறது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவையில் 365ஆம், 365அ பிரிவுகள் ஆங்கிலேயர் வைத்துவிட்டுப் போனவை. 1995இல் செய்த திருத்தம் அவற்றைத் தளர்த்தவில்லை. அதுவரை ஆண்களைக் குறித்த 365அ பிரிவைப் பெண்களையும் உள்ளடக்கும்படி விரித்தது. வயதுவந்தோரின் இணக்கமான உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்க 2023இல் ஒரு தனிநபர் சட்டமூலம் வந்தது. அது அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு மே மாதம் தீர்மானித்தது. ஆனாலும் 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலையும்வரை அது நிறைவேறவில்லை.

இந்தப் பிரிவுகள் தண்டிப்பது சில செயல்களை. ஒரு பையனின் நடையை, குரலை, கையசைவை, ஒரு பெண் பிள்ளையின் கட்டையான தலைமுடியை, ஒருவர் மனதில் யார்மேல் விருப்பம் வருகிறது என்பதை இலங்கையின் எந்தச் சட்டமும் குற்றமாக்கவில்லை. மாறாக, பால்நிலை மாறியவர்கள் உளநல மருத்துவரின் பரிந்துரையோடு பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெற்று, பிறப்புப் பதிவைத் திருத்திக்கொள்ள 2016 முதல் அரசே வழி வைத்திருக்கிறது. ஆகவே சக மாணவரை மதியுங்கள் என்று பேசும் ஆசிரியர் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. மீறுவதாக நினைத்து வாயை மூடிக்கொள்வதால்தான் சேதம் வருகிறது. பிரித்தானியாவில் 1988இல் 28ஆம் பிரிவு என்று ஒரு சட்டம் வந்தது. ஓரினச் சேர்க்கையை உள்ளூராட்சி அமைப்புகள் "ஊக்குவிக்க"க் கூடாது என்றது. அது ஆசிரியர்மீது நேரடியாக வழக்குப் போடும் சட்டமல்ல. ஆனாலும் கேலி செய்யப்படும் பிள்ளைக்காகக் குறுக்கே போனால் தனக்கு ஆபத்தோ என்று ஆசிரியர்கள் அஞ்சினார்கள். ஸ்கொட்லாந்தில் 2000இலும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003இலும் அது நீக்கப்படும்வரை அந்த அச்சம் வகுப்பறைகளில் இருந்தது. நம் அதிபர்மாரின் தயக்கமும் அதே வகை என்றுதான் எனக்குப் படுகிறது.

இனிப் பாடசாலைக்குள் வருவோம். ஒரு பிள்ளையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கட்டுகஸ்தோட்டையிலோ கம்பளையிலோ தரம் 9இல் படிக்கிற பையன். குரல் மெல்லியது, நடனம் பிடிக்கும். தமிழ்த் தினப் போட்டிக்கான நாடகத்தில் பெண் வேடம் கொடுத்தார்கள், நன்றாக நடித்தான், மண்டபம் கைதட்டியது. அடுத்த திங்கட்கிழமை அந்தப் பாத்திரத்தின் பெயரே அவன் பெயராகிவிட்டது. பிறகு "ஒம்பது" என்றார்கள். இரு மொழியும் புழங்கும் ஊர் என்பதால் பஸ்ஸில் அதற்குரிய சிங்களச் சொல்லும் வந்து சேர்ந்தது. அவன் யார்மேல் ஈர்ப்புக் கொண்டவன் என்று யாருக்கும் தெரியாது. அவனுக்கே தெரிந்திருக்கத் தேவையில்லை. பால்நிலை வெளிப்பாடு என்பது வெளியே தெரிகிற நடை, உடை, குரல். பாலீர்ப்பு உள்ளே இருப்பது. ஒன்றைப் பார்த்து மற்றதை முடிவுசெய்ய முடியாது. வகுப்பறைக் கேலி இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டித்தான் அடிக்கிறது.

இப்படிச் சிக்கிக்கொண்ட பிள்ளை வாய் திறந்து சொல்வது அரிது. ஆனால் பார்க்கத் தெரிந்த ஆசிரியருக்கு அடையாளங்கள் இருக்கின்றன. கழிப்பறைக்குப் போவதைத் தவிர்ப்பதற்காகக் காலை முதல் தண்ணீர் குடிக்காமல் இருக்கும். உடற்கல்விப் பாடம் உள்ள நாளில் வயிற்றுவலி என்று வீட்டில் நின்றுவிடும். உயரப்படி ஆண் வரிசை, பெண் வரிசை என்று பிரித்து நிறுத்துகிற காலைக் கூட்டத்துக்கே பிந்தி வரும். பிந்தி வந்த பிள்ளையை மாணவத் தலைவர்கள் எல்லோருக்கும் முன்னால் தனியாக நிறுத்துவார்கள். எந்தப் பார்வையிலிருந்து ஒளிய நினைத்ததோ, அந்தப் பார்வையின் நடுவிலேயே அந்தப் பிள்ளை நிற்கும். மேடையில் பேசுகிற ஆசிரியர் தன் கண்ணுக்கு எதிரே நடக்கும் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கேலி எப்படி நிலைக்கிறது என்று பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டினா சல்மிவல்லி ஆராய்ந்தார். கேலியில் தொடங்குபவர், பாதிக்கப்படுபவர் என்று இருவர் மட்டும் இல்லை. சேர்ந்துகொள்பவர், சிரித்து உற்சாகமூட்டுபவர், பேசாமல் பார்த்து நிற்பவர், தடுப்பவர் என்று வகுப்பு முழுவதுமே அதில் பங்கேற்கிறது என்று 1996இல் அவரும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். பின்லாந்துப் பாடசாலைகளில் பரவிய கிவா என்ற திட்டம் இந்த அடிப்படையில் பிறந்தது. காலைக் கூட்டப் பேச்சுக்கு இதைவிட உதவும் ஆய்வு இல்லை. தொடங்குகிற ஓரிருவரை மேடைப் பேச்சால் மாற்றுவது கடினம். சிரிக்கிற பெரும்பான்மையை நோக்கிப் பேசலாம். அவர்கள் முழுப் பேரும் அந்த மண்டபத்தில்தான் நிற்கிறார்கள். சிரிப்பு நின்றால் கேலி செய்பவருக்குக் கிடைக்கிற கூலி நின்றுவிடுகிறது.

ஆனால் இங்கே ஒரு சிக்கல். கண்டியின் தமிழ்ப் பாடசாலை வகுப்பில் சைவப் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும் இருப்பார்கள், பல இடங்களில் முஸ்லிம் பிள்ளைகளும் இருப்பார்கள். வீட்டு நம்பிக்கையோடு மோதாமல் இருக்க, "யாரையும் கேலி செய்யாதீர்கள், அன்பாக இருங்கள்" என்று பொதுவாகப் பேசி முடித்துவிட்டால் போதாதா என்று பல ஆசிரியர்கள் கேட்பார்கள். நானும் அதுதான் பாதுகாப்பான வழி என்ற பக்கம் சாயக் கூடியவன்தான், எதிர்ச் சான்று ஒன்று இல்லாவிட்டால். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் பதினோராம் வகுப்பு மாணவரை வைத்து ஹட்ஸன்புவெலர், கீஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கேலிக்கு எதிரான பாடசாலைக் கொள்கையில் பாலீர்ப்பு என்பது பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்ட மாவட்டங்களில், ஒரே பால் ஈர்ப்புடைய மாணவரிடையே தற்கொலை முயற்சி குறைவாக இருந்தது. பொதுவாக மட்டும் பேசிய கொள்கைகளோடு அப்படியொரு குறைவு சேர்ந்து வரவில்லை. ஒன்றோடொன்று சேர்ந்து காணப்பட்டது என்பது ஒன்றால் மற்றது வந்தது என்பதற்கு முழு நிரூபணம் அல்ல. ஒரிகனும் கண்டி அல்ல. ஆனால் காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. "யாரையும் கேலி செய்யாதீர்கள்" என்று கேட்கிற அந்தப் பிள்ளை, தன்னையும் அந்த "யாரையும்" என்ற சொல்லுக்குள் சேர்த்துக்கொள்வதில்லை. தான் விதிவிலக்கு என்று வெகுநாளாக நம்பிவிட்டது. ஆகவே பேச்சு முழுவதும் நடத்தையைப் பற்றியே இருக்கலாம், ஆனால் ஓரிடத்திலாவது நேரே சொல்லியாக வேண்டும்.

அந்த இடத்தை நான் இப்படி எழுதுவேன்:

"பிள்ளைகளே, இந்த மண்டபத்தில் எல்லோரும் ஒரே மாதிரி நடப்பதில்லை, ஒரே மாதிரிப் பேசுவதில்லை. சில ஆண் பிள்ளைகளின் குரல் மென்மையானது. சில பெண் பிள்ளைகளுக்கு முடியைக் கட்டையாக வெட்டத்தான் பிடிக்கும். அதை வைத்து ஒருவரைப் பற்றி எதையும் ஊகிக்க முடியாது, ஊகிக்கிற வேலையும் நமக்கு இல்லை. வளர வளர, சிலருக்குத் தன் பாலினத்தைச் சேர்ந்தவர்மேல் ஈர்ப்பு வரலாம். சிலருக்கு, பிறந்தபோது ஆண் என்றோ பெண் என்றோ எழுதியது தனக்குப் பொருந்தவில்லை என்று தோன்றலாம். அது நோயும் இல்லை, குறையும் இல்லை. அந்தப் பிள்ளையும் இந்தப் பாடசாலையின் பிள்ளை. உங்களுக்கு உள்ள மரியாதை அத்தனையும் அவருக்கும் உண்டு. வீட்டிலும் கோயிலிலும் பள்ளிவாசலிலும் நீங்கள் என்ன கேட்டிருந்தாலும், இந்த வளவுக்குள் யாரையும் இதற்காகப் பட்டப்பெயர் சொல்லக் கூடாது. யாராவது சொன்னால் நீங்கள் சண்டைக்குப் போக வேண்டாம். சிரிக்காமல் இருங்கள். அது முடிந்ததும் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் போய், சேர்ந்து நடந்து வகுப்புக்கு வாருங்கள். மறுபடியும் நடந்தால் என்னிடம் வந்து சொல்லுங்கள். இடைவேளையில் நான் நூலகத்தில் இருப்பேன்."

நோய் இல்லை என்று சொல்வதற்கு ஆசிரியர் தன் சொந்த அபிப்பிராயத்தை நம்பி நிற்கத் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17ஆம் திகதி ஒரே பால் ஈர்ப்பை நோய்களின் பட்டியலிலிருந்து எடுத்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த அந்தப் பட்டியலின் பதினோராவது பதிப்பில், பால்நிலை பொருந்தாமையை மனநோய்களின் பகுதியிலிருந்து அகற்றிவிட்டது. பெற்றோர் வந்து கேட்டால் இதை எடுத்துக் காட்டலாம். மேடையில் திகதிகள் வேண்டாம்.

இந்தப் பேச்சில் வேண்டுமென்றே விட்டவையும் உண்டு. இழிசொற்கள் எதுவும் மேடையில் வரவில்லை. "இந்தச் சொல்லைச் சொல்லாதீர்கள்" என்று ஒலிவாங்கியில் சொன்னால், அதுவரை தெரியாத தரம் 6 பிள்ளைக்கும் அது தெரிந்துவிடும். இரக்கம் கேட்கவில்லை, "பாவம், அவர்களும் மனிதர்தானே" என்ற தொனி கேலியைவிட நெடுநாள் தங்கும். எந்த மாணவரையும் உதாரணம் காட்டவில்லை, பெயர் சொல்லாமல்கூட. "நம் பாடசாலையிலும் அப்படி ஒருவர் இருக்கிறார்" என்றதும் தலைகள் எந்தப் பக்கம் திரும்பும் என்பது எல்லா ஆசிரியருக்கும் தெரியும். உடலுறவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, அந்தப் பேச்சுக்கு அது தேவையும் இல்லை. இன்னொன்று: யாரையும் முன்வந்து தன்னைப் பற்றிச் சொல்லும்படி அழைக்கவில்லை. அதைச் சொல்லிவிட்டு வீடு போகிற பிள்ளைக்கு அன்றிரவு என்ன நடக்கும் என்பதற்கு மேடையில் நிற்பவர் பொறுப்பேற்க முடியாது.

உள்ளூரிலிருந்து ஏதாவது சேர்க்க விரும்பும் ஆசிரியருக்குக் கண்டி கை கொடுக்கும். எசல பெரஹராவில் ஊரே எழுந்து நின்று பார்க்கிற வெஸ் நடனம், மரபுப்படி ஆண்களுடையது. நெற்றியிலும் மார்பிலும் அணிகள், காலில் சலங்கை, இடுப்பில் மடிப்பு மடிப்பாக வெள்ளைத் துணி. அதை அணிந்து ஆடும் ஆணை யாரும் கேலி செய்வதில்லை. தோட்டங்களில் மாசி மாதம் தொடங்குகிற காமன் கூத்தில் ரதியாக வேடமிடுபவர் வழக்கமாக ஓர் ஆண்தான். சேலை கட்டி, பூ வைத்து வருகிற அவரை லயத்து வீடுகளில் வாசலில் நின்று வரவேற்பார்கள். விரதம் காக்கிற கூத்து என்பதால் அவருக்குத் தனி மதிப்பு. தெல்தோட்டை, புசல்லாவைப் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் தம் சித்தப்பாவையோ அண்ணனையோ ரதியாகப் பார்த்தவர்களாக இருக்கலாம். ஆணின் உடலில் பெண்மை வெளிப்படுவது இந்த மலைகளுக்குப் புதிதல்ல என்பதை இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது. அளவுக்கு மீறி இதை இழுக்கக் கூடாது என்பதும் உண்மை. கூத்து முடிந்து வேடம் கலைந்தபின் அந்த மதிப்பு நின்றுவிடுகிறது. வேடமில்லாமல் அப்படியே நடக்கிற பையனுக்கு அது கிடைப்பதில்லை. அதோடு, ரதி வேடம் கட்டியவர் இப்படிப்பட்டவர்தான் என்று ஊகிக்கவும் அது இடம்கொடுத்துவிடக் கூடாது.

பேச்சு பிழைத்துப்போனதை எப்படி அறிவது? பெரும்பாலும் அதே வாரத்தில் தெரிந்துவிடும். மேடையில் சொன்ன வாக்கியமே கேலியாக மாறும். "நீ இந்தப் பாடசாலையின் பிள்ளைடா" என்று ஒருவன் இழுத்துச் சொல்ல மற்றவர்கள் சிரிப்பார்கள். இது நடந்தால் பேச்சு வீண் என்று அர்த்தமில்லை. முதல் முறை அந்தச் சிரிப்பு வரும் இடத்தில் ஓர் ஆசிரியர் நின்று, குரலை உயர்த்தாமல், "அதை நான் கேட்டேன். இங்கே அது வேண்டாம்" என்று சொல்கிறாரா என்பதில்தான் முழுக் காரியமும் தங்கியிருக்கிறது. அவரும் சேர்ந்து புன்னகைத்தால், அந்த ஐந்து நிமிடம் இல்லாமல் இருந்ததைவிட நிலைமை மோசம். பெரியவர்கள் சொன்னது சும்மா என்று அந்தப் பிள்ளை அறிந்துகொண்டுவிடும். கேலி செய்தவனை அடிப்பதும் வழியல்ல. 2016இன் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கை உடல் தண்டனையைத் தடைசெய்கிறது. அதற்கு அப்பாலும் பார்த்தால், அடிவாங்கியவன் அந்தக் கோபத்தை யார்மேல் தீர்ப்பான் என்பது தெளிவு.

மறுபக்கம், பேச்சு வேலை செய்தால் ஒரு பிள்ளை நூலகத்துக்கு வரும். ஆயத்தம் பெரிதும் தேவைப்படுவது அந்த நேரத்துக்குத்தான். முதலில் கேட்க வேண்டியது, பிள்ளை என்னவாக இருக்கிறது என்பதல்ல, யாரால் என்ன நடக்கிறது என்பது. "இது வேறு யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியக் கூடாது?" என்பது அடுத்த கேள்வி. ஆசிரியர் அறையில் போய், நல்ல எண்ணத்தோடுதான், இன்னொருவரிடம் சொல்வது, பெற்றோரை அழைத்து "உங்கள் பிள்ளை இப்படி" என்று விளக்குவது: பிள்ளைகளுக்கு மிகப் பெரிய கேடு இந்த இரண்டு வழியாகவே வருகிறது. அடி, பூட்டிவைத்தல், படிப்பை நிறுத்துதல், "குணமாக்க" எங்கோ கூட்டிச்செல்லல் எல்லாம் அதன் பின்னால் வரும். பெற்றோரிடம் பேச வேண்டியிருந்தால் கேலியைப் பற்றிப் பேசலாம். அந்தப் பிள்ளை தன்னைப் பற்றிச் சொன்னது அந்தப் பிள்ளையின் சொத்து. ஆனால் எதையும் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று முழு வாக்குக் கொடுக்கவும் கூடாது. உயிரைப் போக்கிக்கொள்ளும் எண்ணமோ, யாராவது உடலைத் துன்புறுத்துவதோ தெரியவந்தால் உதவி கூப்பிட்டே ஆக வேண்டும். அதை உரையாடலின் தொடக்கத்திலேயே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929, தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் 1926. அழைக்கும்போதும், கேலியையும் ஆபத்தையும் சொன்னால் போதும். பாலீர்ப்பை எடுத்துச் சொல்வது பிள்ளையின் விருப்பம்.

இவ்வளவும் ஓர் ஆசிரியரால் தனியே தாங்கக் கூடியதல்ல. ஆகவே கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னரே, பாடசாலை விட்டபின், இதே பேச்சை ஆசிரியர் கூட்டத்தில் வாசிக்க வேண்டும் என்பேன். வகுப்பில் "ஏண்டா பொம்பிளை மாதிரி நெளிகிறாய்" என்று கேட்கிற ஆசிரியரும் அங்கே இருப்பார். மறுப்பவர்களும் சொல்வதைச் சொல்லட்டும். திங்கட்கிழமை காலையில் பிள்ளைகளுக்கு முன்னால் முகம் சுளிப்பதைவிட அது எவ்வளவோ மேல். மாணவத் தலைவர்களையும் அதே வாரத்தில் தனியே அழைத்து, பிந்தி வருகிறவர்களை மேடைக்கு முன்னால் நிறுத்தும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லலாம். அதற்கு வேறு யாருடைய அனுமதியும் தேவையில்லை, அதிபரின் ஒரு சொல் போதும்.